உப்புத்தாள், ரப்பர் பேண்ட், சைனா கிராஸ்: நிலநடுக்கத்தை வகுப்பறை மேசையில் காட்டும் முறை

நிலநடுக்கப் பாடத்தில் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மனதில் பதிவது பெரும்பாலும் ஒரே படம்: இரண்டு புவித்தட்டுகள் நகர்ந்து வந்து இடிக்கின்றன, பூமி ஆடுகிறது. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. தட்டுகள் ஒவ்வொரு நாளும் நகர்கின்றன என்றால், ஏன் ஒவ்வொரு நாளும் ஆடவில்லை? ஒரு நிலநடுக்கத்தில் பக்கத்து ஊர் தப்பிக்க, தூரத்து ஊர் ஏன் இடிகிறது? இரண்டுக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். முதலாவது ஒரு பலகையில் இழுபடும் மரக்கட்டை. இரண்டாவது பலகைத் தட்டில் ஆடும் சைனா கிராஸ் களி. இரண்டையும் செய்யும் விதம், எங்கே பிசகும், காட்டும்போது என்ன சொல்ல வேண்டும் என்பவை இங்கே. இரண்டாவது கேள்விக்கு எடுத்துக்கொள்ளும் ஊர், 1985-இல் இடிந்த மெக்சிகோ நகரம்.

முதல் மாதிரி: இழுபடும் கட்டை

120 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 12 மி.மீ. கனமுள்ள பிளைவுட் பலகை ஒன்று. அதன் மேல் நடுவில் 80-ஆம் எண் எமரி ரோலை நீளவாக்கில் ஒட்ட வேண்டும். ஹார்டுவேர் கடையில் 10 செ.மீ. அகலத்தில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். தனித்தனி உப்புத்தாள்களை ஒட்டினால் மலிவுதான். ஆனால் இரண்டு தாள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால், கட்டை ஒவ்வொரு முறையும் அதே மேட்டில் போய் நிற்கும். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், ‘இங்கதான் எப்பவும் மாட்டுது’ என்பார்கள், மாதிரியின் பொருளே போய்விடும். தனித்தாள்தான் கிடைக்கிறது என்றால் விளிம்போடு விளிம்பு முட்டும்படி ஒட்டுங்கள். தண்ணீர் கலந்த பசை தாளைச் சுருக்கிவிடும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனோ இருபக்க டேப்போ நல்லது.

கட்டை 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம். அடியில் அதே 80-ஆம் எண் உப்புத்தாள். மேலே அரைக்கிலோ எடைக்கல் ஒன்றை டேப்பால் இறுகக் கட்டுங்கள். முன்பக்கம், அடியிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில் ஒரு சிறிய கொக்கித் திருகு. கொக்கி உயரமாக இருந்தால் இழுவிசை கட்டையின் மூக்கைக் கீழே அழுத்திவிடும். பின்பகுதி தூக்கிக்கொள்ளும், நகர்வு நடுக்கமாகிவிடும்.

கொக்கியில் சாதாரண ரப்பர் பேண்டுகள் மூன்றைச் சங்கிலியாகக் கோத்து மாட்டி, மறுமுனையில் ஒரு மி.மீ. கன நைலான் கயிறு கட்டுங்கள். பலகையின் கடைசியில் இரண்டு மரத்துண்டுகளை நிறுத்தி, துளையிட்டு, 32 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றைக் குறுக்கே நுழைத்தால் அதுவே இழுவை உருளை. அதன் சுற்றளவு 10 செ.மீ. என்பதால் ஒரு சுற்றுக்குக் கயிறு 10 செ.மீ. உள்ளே வரும், கணக்கு எளிது. கயிற்று நுனியைக் குழாயில் சிறு துளையிட்டு முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். வெறுமனே சுற்றிவிட்டால் இழுவிசை ஏறும்போது வழுக்கும். கைப்பிடியை விட்டதும் உருளை பின்னோக்கி ஓடாமலிருக்க, மரத்துண்டில் ஓர் ஆணியும் குழாயில் அதற்கேற்ற நாலைந்து துளைகளும் போதும். இந்த ஆணியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேசிக்கொண்டே சுற்றும் ஆசிரியருக்கு அது கட்டாயம் வேண்டும். நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பதுதான் இந்தப் பாடம்.

பலகையின் ஓரத்தில் தையல்காரர் டேப் ஒன்றை ஒட்டி, கட்டையின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி வரைந்தால் கருவி தயார். கட்டையின் மேல் நான்கு தீப்பெட்டிகளை நிறுத்துங்கள், வீடுகள் அவை. பிள்ளைகள் பலகையின் இருபுறமும் நிற்கலாம், நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. வெயிலில் கிடந்த ரப்பர் பேண்ட் அறுந்து முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் புது ரப்பர் போடுவது நல்லது.

சுற்றும்போது சொல்ல வேண்டியது

பத்து நொடிக்கு ஒரு சுற்று, அதைவிட வேகம் வேண்டாம். முதல் சுற்றில் எதுவும் நடக்காது. இங்கேதான் ஆணியைச் செருகிவிட்டு நிறுத்த வேண்டும்.

‘கட்டை நகர்ந்துச்சா? இல்ல. நான் சுத்தினது எங்க போச்சு? ரப்பரைப் பாருங்க. நீண்டிருக்கு. நான் இழுத்த பத்து சென்டிமீட்டரும் அதுக்குள்ளதான் இருக்கு. இப்ப நான் கையை எடுத்துட்டேன், எல்லாமே அமைதியா இருக்கு. ஆனா உள்ள இழுப்பு அப்படியே இருக்கு. இதுதான் நிலநடுக்கம் வர்றதுக்கு முன்னாடி நூறு, இருநூறு வருஷம் ஒரு ஊர் இருக்கிற நிலைமை.’

மறுபடி சுற்றுங்கள். இரண்டிலிருந்து மூன்று சுற்றுக்குள் கட்டை சட்டென்று பாயும். தீப்பெட்டிகள் விழும். பாய்ச்சல் ஒரு நொடிகூட இருக்காது. ‘சேர்த்தது அரை நிமிஷம், செலவழிச்சது கண் இமைக்கிற நேரம்’ என்று சொல்லிவிட்டு, எத்தனை செ.மீ. பாய்ந்தது என்று ஒரு பிள்ளையைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். தொடர்ந்து சுற்றினால் அடுத்தது, அதற்கடுத்தது என வரும். எந்த இரண்டும் ஒன்றாக இருக்காது.

ரப்பரின் பங்கு என்ன என்பதை ஒரு சிறு மாற்றத்தில் காட்டிவிடலாம். ரப்பரைக் கழற்றி, கயிற்றை நேராகக் கொக்கியில் கட்டிச் சுற்றுங்கள். கட்டை உருளையோடு சேர்ந்து மெதுவாக ஊர்ந்து வரும். தீப்பெட்டிகள் விழா. உராய்வு அதேதான், எடை அதேதான், இழுப்பும் அதேதான். நீண்டு கொடுக்கும் பொருள் இல்லாததால் சேர்த்து வைக்க இடமில்லை, அதனால் பாய்ச்சலும் இல்லை. பிறகு ரப்பரைத் திரும்ப மாட்டிவிட்டுக் கேளுங்கள்: ‘நிலத்துக்கடியில ரப்பர் எது?’ பாறைதான் அது. சின்னக் கல்லைக் கையில் வைத்து வளைக்க முடியாது. ஆனால் பல கிலோமீட்டர் நீளப் பாறை சில மீட்டர் வளைந்து கொடுக்கும். இரண்டு பாறைகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் பிளவின் ஓரத்தில், வளைந்த பாறை பிடிப்பு விட்டுத் திரும்பும்போது எழும் அலைகளே நம் காலுக்கடியில் வந்து சேரும் ஆட்டம். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, பிளவுக்கு இருபுறமும் நில அளவைக் கற்கள் இடம் மாறியிருந்த விதத்தை வைத்து ஹாரி ரீட் என்பவர் இதை விளக்கினார். அதுவரை நிலநடுக்கத்தால் பிளவு உண்டாகிறது என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

கட்டை பாயாமல் சிறுசிறு அடியாக ஊர்ந்தால் மூன்று காரணம் இருக்கலாம். ரப்பர் விறைப்பாக இருக்கலாம், இன்னொரு ரப்பரைச் சங்கிலியில் சேர்த்து நீளமாக்குங்கள். உப்புத்தாளில் பொடி அடைந்திருக்கலாம், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அல்லது சுற்றும் கை வேகமாக இருக்கலாம். ஒருதடவை பாய்ந்து பலகையின் கடைசிவரை போய்விட்டால் எடை அதிகம், அல்லது ரப்பர் மிக நீளம்.

கரும்பலகைக் கணக்கு

பாய்ச்சல்களை எழுதியபின் ஒரு கூட்டல் போட வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 4, 7, 3, 9, 5 என்று ஐந்து பாய்ச்சல் வந்திருந்தால், கட்டை நகர்ந்தது 28 செ.மீ. உருளை ஐந்து சுற்று சுற்றியிருந்தால் இழுத்தது 50 செ.மீ. மீதி 22 செ.மீ. எங்கே? ரப்பரில். ரப்பரை அளந்து பார்த்தால் ஏறத்தாழ அதே அளவு நீண்டிருக்கும். இந்தக் கழித்தலைப் பிள்ளைகளே செய்து, அளந்தும் பார்த்துவிட்டால் போதும், புவியியலாளர் ஜிபிஎஸ் கருவிகளை மலையில் நட்டு வைத்து என்ன செய்கிறார் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இமயமலையின் அடியில் இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. வீதம் நெருக்குகிறது. பிளவு பூட்டிக் கிடக்கும் இடத்தில் நூறு ஆண்டுக்கு 2 மீட்டர் சேரும். மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடிகிறது. அடுத்த பாய்ச்சல் எப்போது என்று சொல்ல முடிவதில்லை.

அதையும் மாதிரியிலேயே காட்டலாம். அடுத்த பாய்ச்சலுக்கு எத்தனை சுற்று ஆகும் என்று எல்லாரையும் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தவறுவார்கள். ‘ஒரே கட்டை, ஒரே ரப்பர், நாமே சுத்துறோம், அப்படியும் சொல்ல முடியல’ என்ற அளவில் அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

சில நாடுகள் அடிக்கடி ஆடுவது ஏன் என்பதற்கும் இதே உருளைதான் பதில். இரண்டு பலகை இருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு பத்து நொடிக்கு ஒரு சுற்றும், இன்னொரு குழு இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்றும் சுற்றட்டும். இரண்டாவது குழுவின் கட்டையும் ஒருநாள் பாயும், சிறிதாகப் பாயும் என்றும் சொல்ல முடியாது. அடிக்கடி பாயாது, அவ்வளவுதான். மெக்சிகோவின் பசிபிக் கரையில் கோகோஸ் தட்டு ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வீதம் கண்டத்துக்கு அடியில் நுழைகிறது, உருளை வேகமாகச் சுற்றும் இடம் அது. தட்டின் நடுப்பகுதியான தென்னிந்தியாவில் சுற்றல் அளப்பதற்கே கடினமான அளவு மெதுவானது. மெதுவானதால் இல்லை என்றாகிவிடாது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி ஊரைச் சுற்றி 6.2 அளவில் நிலம் குலுங்கியது. மண்ணில் கல்லடுக்கிக் கட்டிய கனமான சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன, ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் தட்டு எல்லை வரைபடத்தை மட்டும் காட்டினால், நமக்கு வராது என்ற முடிவோடு எழுந்து போவார்கள்.

இரண்டாவது மாதிரி: களி

ஆட்டம் எங்கே பிறக்கிறது என்பது முதல் பாதி. வந்து சேரும் ஆட்டத்தை ஊரின் மண் என்ன செய்கிறது என்பது மறுபாதி. இதற்குச் சைனா கிராஸ் களியைப் போல வேறு எதுவும் ஒத்துவரவில்லை. ஜெலட்டின் இன்னும் அழகாக ஆடும், ஆனால் நம் ஊர் வெயிலில் மதிய வகுப்புக்குள் உருகிவிடும். சைனா கிராஸ் ஒருமுறை உறைந்தால் கொதிநிலை அருகே போனால்தான் இளகும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம். கடையில் கிடைக்கும் 10 கிராம் பாக்கெட்டில் பாதி. இனிப்புக்குப் போடும் அளவில் போட்டால் களி விறைத்து, கையால் ஆட்டும் வேகத்துக்கு அசையவே அசையாது. இழைகளை நறுக்கி அரைமணி ஊறவைத்து, இழை ஒன்றுகூடக் கண்ணில் படாதவரை கொதிக்கவிடுங்கள். கரையாத இழை நின்ற இடத்தில்தான் பிற்பாடு களி கிழியும். கொதித்து வற்றிய தண்ணீரை ஊற்றி மறுபடி ஒரு லிட்டராக்கிக்கொள்ளுங்கள்.

12 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 8 செ.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போதே மேலே சாக்குத் துணி ஒன்றைப் பரப்பி, பாதி மூழ்கும்படி லேசாக அழுத்திவிடுங்கள். துணி டப்பாவைவிட நாலு பக்கமும் மூன்று விரல் அதிகம் இருக்கட்டும். உறைந்தபின் கவிழ்த்தால் துணி அடியில் வரும், விளிம்பை, களியை வைத்து ஆட்டப்போகும் பலகைத் தட்டின் மேல் டிராயிங் பின்னால் குத்திவிடலாம். துணி இல்லாவிட்டால் களி நீர்விட்டு வழுக்கும். தட்டு நகரும், களி இருந்த இடத்திலேயே இருக்கும், மெத்து மண்ணே நல்லது என்று மாதிரி தலைகீழாகப் பாடம் சொல்லிவிடும்.

டப்பாவிலிருந்து களியை வெளியே எடுக்காமல் காட்டுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. சுவர்கள் நாலு பக்கமும் பிடித்துக்கொள்வதால் ஆட்டம் தெரியாது. தனியாக நிற்கும் களிக்கட்டிதான் ஆடும்.

தட்டுக்கு 40 × 30 செ.மீ. பிளைவுட். மேசைமேல் 25 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டுகள் மூன்றை இணையாக வைத்து, அவற்றின் மேல் தட்டை வைத்தால் ஒரே திசையில் உருளும். ஒரு பக்கம் களி. இன்னொரு பக்கம் 8 செ.மீ. உயரம் வரும்படி செங்கல், இருபக்க டேப்பால் ஒட்டியது. இரண்டின் மேலும் ஒரே அளவு பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் முழுச் சுண்ணக்கட்டிகள் மூன்று மூன்றாக நிறுத்துங்கள். அட்டை இல்லாமல் சுண்ணக்கட்டியைக் களியில் நேராக நிறுத்தினால் அது புதைந்து நிற்கும், ஒப்பீடு பொய்யாகும்.

முதலில் களியின் சொந்த ஆட்டத்தை அளக்க வேண்டும். தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, களியின் தலையை விரலால் ஒரு செ.மீ. தள்ளி விடுங்கள். நாலைந்து தடவை ஆடி அடங்கும். கண்ணால் எண்ணுவது கடினம். கைப்பேசியில் ஸ்லோமோஷன் எடுத்து, நொடிக்கு 120 படம் என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை படம் என்று எண்ணுங்கள். 36 படம் வந்தால் 0.3 நொடி. அதாவது நிமிடத்துக்கு 200 ஆட்டம். கைப்பேசியில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியில் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 0.15 நொடிக்கு அருகே வந்தால் களி விறைப்பு, கை அந்த வேகத்துக்கு ஆட்டாது. அடுத்த முறை 4 கிராம் போடுங்கள். கட்டி தன் எடையிலேயே சரிந்தால் 6 கிராம்.

இனி மூன்று வேகத்தில் தட்டை ஆட்டிக் காட்டுவது. கை நகர்வு ஒரு செ.மீ.க்கு மேல் வேண்டாம், தட்டின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு அதற்குள் ஆட்டுங்கள்.

மெட்ரோனோம் 60-இல்: களியும் செங்கலும் தட்டோடு சேர்ந்தே போய்வரும், எந்தச் சுண்ணக்கட்டியும் விழாது. 200-இல்: செங்கல் தட்டோடு மட்டும் ஆடும், களியின் தலை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் போய், நாலைந்து ஆட்டத்துக்குள் அதன்மேல் இருக்கும் சுண்ணக்கட்டிகள் சாயும். அதைவிட வேகமாக ஆட்டினால் களியின் அடி நடுங்கும், தலை கிட்டத்தட்ட நின்றுவிடும். மூன்றையும் காட்ட வேண்டும். முதலாவதை மட்டும் காட்டினால் மண்ணுக்கு இதில் வேலையே இல்லை என்பார்கள். இரண்டாவதை மட்டும் காட்டினால் மெத்து மண் எப்போதும் எல்லா ஆட்டத்தையும் பெருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். மண் தனக்குப் பிடித்த வேகத்தை மட்டும்தான் பெருக்குகிறது.

‘ஊஞ்சல்ல தம்பியை உட்கார வச்சுத் தள்ளும்போது எப்பத் தள்ளுவீங்க? அது திரும்பி வந்து மறுபடி போகப்போற நேரத்துல. சரியான நேரத்துல சின்னத் தள்ளு போதும். களியும் அப்படித்தான்.’ இதைத் தாண்டி அதிர்வு ஒத்திசைவு என்ற சொல்லை இந்த வகுப்பில் எழுதிப் போட வேண்டிய அவசியமில்லை.

எட்டாம் வகுப்பு என்றால் ஒரு கணக்கும் செய்யலாம். தட்டையான மண்படலத்தின் ஆட்ட நேரம், அதன் கனத்தின் நாலு மடங்கை, செல்லும் திசைக்குக் குறுக்கே மண்ணை அசைக்கும் குறுக்கதிர்வு அலை அதில் செல்லும் வேகத்தால் வகுத்தால் வரும்.

T = 4H / V

களியில் H 0.08 மீட்டர், T 0.3 நொடி. ஆக V ஏறத்தாழ நொடிக்கு ஒரு மீட்டர். கட்டி அகலம் குறைந்தது என்பதால் இது தோராயம்தான், ஆனால் அலை ஒரு பொருளுக்குள் நடந்துபோகும் அளவு மெதுவாகச் செல்ல முடியும் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி. கெட்டியான பாறையில் அதே அலை நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஓடும்.

மூன்று உயரக் கட்டடங்கள்

மண்ணைப் போலவே ஒவ்வொரு கட்டடத்துக்கும் சொந்த ஆட்ட வேகம் உண்டு. அதைக் காட்ட, மரம் அறுக்கும் கடையில் கேட்க வேண்டாம், இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு மூன்று வாங்குங்கள். வளைந்து கொடுக்கும் வகை, விறைத்த வகை ஒடிந்து தெறிக்கும். பற்களின் மேல் டேப் சுற்றிவிடுங்கள். கனமான மரக்கட்டையில் வாளால் கீறிய பிளவுகளில் செருகி, பக்கத்திலிருந்து திருகு போட்டு இறுக்கி, வெளியே தெரியும் உயரம் 12, 20, 28 செ.மீ. என்று வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் 50 கிராம் களிமண் உருண்டை அழுத்துங்கள். நெட்டையான பிளேடு ஓர் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 0.6 நொடி எடுக்கும், நடுவிலுள்ளது அதில் ஏறத்தாழ பாதி. குட்டை இன்னும் வேகம், கண்ணுக்கு நடுக்கமாகவே தெரியும். அளந்து பார்த்து மெட்ரோனோம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிளேடின் கனத்தைப் பொறுத்து மாறும்.

இந்தக் கட்டையைத் தட்டின் மேல் திருகி, மெட்ரோனோம் 100 அருகே ஆட்டினால் நெட்டை மட்டும் காட்டுத்தனமாக ஆடும், மற்ற இரண்டும் சும்மா நிற்கும். 180-க்கு ஏற்றினால் நெட்டை அடங்கி நடுவிலுள்ளது கிளம்பும். எதிர்பாராத அளவுக்குப் பிள்ளைகள் இங்கே குரல் எழுப்புவார்கள். ஒரு கை மட்டும்தான் ஆட்டுகிறது, கட்டடத்தை எந்தக் கம்பியும் தொடவில்லை, ஆனால் வேகம் மாறும்போது பலியாகும் கட்டடமும் மாறுகிறது. மூன்றும் ஒரே சமயம் ஆடினால் அடிக்கட்டை தளர்ந்திருக்கிறது, திருகை இறுக்குங்கள்.

மெக்சிகோ நகரம், 1985 செப்டம்பர் 19

இப்போது மூன்றையும் சேர்க்க வேண்டிய இடம். காலை 7:17-க்கு மெக்சிகோவின் பசிபிக் கரையில், மிச்சோவகான் அருகே 8.0 அளவு நிலநடுக்கம். முதல் மாதிரியின் கட்டை பாய்ந்தது அங்கே. தலைநகர் அங்கிருந்து 350 கி.மீ.க்கும் அப்பால். சாதாரணமாக அவ்வளவு தூரத்தில் ஆட்டம் தேய்ந்துபோயிருக்க வேண்டும். உண்மையில் தேய்ந்தும்தான் இருந்தது. நகரத்தின் தெற்கே எரிமலைக் குழம்பு உறைந்த பாறைமேல் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் கருவிகள் சிறிய ஆட்டத்தையே பதிந்தன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பழைய ஏரிப்படுகையின் மேல் இருந்த கருவி அதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு முடுக்கத்தைப் பதிந்தது. அது கரையோரத்தில் பதிவான அளவுக்கே ஈடு.

டெஸ்கோகோ ஏரியின் நடுத்தீவில் இருந்த ஊர் மெக்சிகோ நகரம். ஏரியை வற்றவிட்டு, படுகையின் மேல் நகரம் பரவியது. அடியில் இருப்பது நீர் ஊறிய களிமண். மோசமாக ஆடிய பகுதியில் அதன் கனம் ஏறத்தாழ 40 மீட்டர், அலை வேகம் நொடிக்கு ஏறத்தாழ 80 மீட்டர். கரும்பலகையில் அதே சூத்திரம்: 4 × 40 / 80 = 2 நொடி. தட்டின் மேலிருந்த களி 0.3 நொடிக்கு ஆடியது, இந்தக் களி 2 நொடிக்கு ஆடும். தூரத்திலிருந்து வந்த அலைகளில் வேகமான ஆட்டங்கள் வழியிலேயே அடங்கிவிட, மெதுவான ஆட்டங்கள் மிஞ்சி வந்தன. படுகை தனக்கேற்ற 2 நொடி ஆட்டத்தைப் பிடித்துப் பெருக்கியது, நெடுநேரம் ஆடியது.

இனி எந்தக் கட்டடம்? தோராய விதி, ஒரு மாடிக்கு 0.1 நொடி. பத்து மாடி என்றால் ஒரு நொடி. அப்படியானால் இருபது மாடிதானே இடிந்திருக்க வேண்டும் என்று நன்றாகக் கவனித்த பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். நிஜத்தில் பெரிய சேதம் 6 முதல் 15 மாடி வரை. காரணம், காங்கிரீட் விரிசல் விடும்போது கட்டடம் தளர்ந்து மெதுவாக ஆடத் தொடங்குகிறது. மெத்து மண்ணில் நிற்கும் அடித்தளமும் சேர்ந்து அசைவதால் இன்னும் மெதுவாகிறது. ஒரு நொடியில் தொடங்கியது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 2 நொடியை நோக்கி நகர்கிறது, தன்னைத் தானே ஆபத்துக்குள் கொண்டுபோகிறது. இருபது மாடிக்கு மேல் போனவை அதே விதத்தில் 2 நொடியைத் தாண்டி விலகிப்போயின. இதைப் பிளேடில் காட்டலாம்: நடுப் பிளேடின் திருகைச் சற்றுத் தளர்த்தினால் அதன் ஆட்டம் மெதுவாகி, நெட்டையின் வேகத்தை நோக்கி வரும்.

ஒன்றிரண்டு மாடி வீடுகள் பல நின்றன, பழைய தேவாலயம் நின்றது, 44 மாடி லத்தீனமெரிக்கானா கோபுரமும் நின்றது. கோபுரத்தின் ஆட்ட நேரம் 3 நொடிக்கும் மேல். அது படுகையின் அடியிலுள்ள கெட்டி மண்வரை இறக்கிய தூண்கள் மேல் கவனமாகக் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்ட நேரம் ஒன்றே காப்பாற்றியது என்றால் அது பாதி உண்மை. நின்றவை எல்லாம் நல்ல கட்டடம், விழுந்தவை எல்லாம் கெட்ட கட்டடம் என்பதும் பாதி உண்மையே. மோசமாகக் கட்டியவை முதலில் விழுந்தன, ஆனால் எந்த உயரத்தில் இருந்தவை சோதிக்கப்பட்டன என்பதை மண் தீர்மானித்தது.

அதே நகரம், அதே செப்டம்பர் 19, 2017-ஆம் ஆண்டு. இம்முறை 7.1 அளவு, ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில். கிட்டத்தில் இருந்து வந்ததால் வேகமான ஆட்டங்கள் அடங்காமல் வந்தன. சேதம் படுகையின் ஓரத்தில், களி மெல்லிதாக இருக்கும் பகுதியில் அதிகம், பெரும்பாலும் 4 முதல் 7 மாடிக் கட்டடங்களில். H குறைந்தால் T குறையும் என்று சூத்திரமே சொல்கிறது. இதைச் சொல்லாமல் ஒரு வினாவாக விட்டு, பிள்ளைகளையே சூத்திரத்தில் H-ஐ 20 மீட்டராக மாற்றிப் பார்க்கச் சொல்வது நல்லது.

கேட்கப்போகும் கேள்விகள்

‘சென்னையில ஆடுமா?’ ஆடியிருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது, ஏறத்தாழ 1,800 கி.மீ. தள்ளி சென்னையில் உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் உணர்ந்து வெளியே ஓடிவந்தார்கள், தெருவில் நடந்தவர்கள் பலர் உணரவில்லை. காரணத்தை நெட்டைப் பிளேடைக் காட்டி அவர்களிடமே கேளுங்கள். தமிழகத்துக்குள்ளேயே பிறக்கும் ஆட்டம் அரிது, ஆனால் 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று வந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின் 2002 திருத்தத்தில் சென்னை, நிலநடுக்க அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலத்திலிருந்து அதைவிட அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது.

‘அப்ப பாறை மேல வீடு கட்டினா ஒண்ணும் ஆகாதா?’ பிளவுக்குப் பக்கத்திலேயே பாறை இருந்தால் பாறையும் கடுமையாகக் குலுங்கும். குட்டை வீட்டுக்குப் பாறையின் வேகமான ஆட்டமே ஒத்த வேகமாகவும் அமையலாம். களி மாதிரி இதைக் காட்டாது, வாயால் சொல்ல வேண்டும்.

நீர் நிறைந்த மணல் ஆட்டத்தில் கூழாகிக் கட்டடம் புதைவது தனிச் சங்கதி, இந்தக் களியோடு குழப்பக் கூடாது. களி உடையாமல் ஆடுகிறது, அந்த மணல் தன் பிடிப்பையே இழக்கிறது. அதற்கு ஒரு தொட்டி ஈரமணல் வேண்டும், அது வேறு வகுப்பு. கட்டை மாதிரியிலும் ஒரே ஒரு பிடிப்புதான் இருக்கிறது. நிஜப் பிளவில் ஓர் இடம் விட்டதும் பக்கத்து இடத்தின் சுமை கூடி, அதுவும் விட்டு, கிழிதல் பல கிலோமீட்டர் ஓடும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் தொடங்கி அந்தமான்வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. ஓடியது அப்படித்தான். இரண்டு கட்டைகளை இன்னொரு ரப்பரால் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துச் சுற்றினால் இதன் சாயல் கிடைக்கும்: சில சமயம் முன்கட்டை மட்டும் பாயும், சில சமயம் இரண்டும் சேர்ந்து. அதற்குப் பலகை 120 செ.மீ. போதாது, 180 வேண்டும்.

மொத்தப் பாடத்துக்கும் இரண்டு வகுப்புவேளை ஆகும். முதல்நாள் கட்டையும் கூட்டலும், மறுநாள் களியும் பிளேடும். களியை அன்று காலையிலேயே காய்ச்சி, காட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்புவரை டப்பாவிலேயே மூடி வையுங்கள். வெளியே எடுத்து வைத்தால் நீர்விட்டுச் சுருங்கத் தொடங்கும், அளந்து வைத்த ஆட்ட நேரமும் மாறும். கிழிந்த களியை மறுபடி காய்ச்சினால் உறையும், ஆனால் பிடிப்பு குறைவாக இருக்கும், இன்னும் ஒரு கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள்.